புதன்கிழமை வெளியேற்ற ஒத்திகை: பெற்றோர், ஆசிரியர் குழு

பிரதி அதிபர்: வணக்கம். புதன்கிழமை மூன்றாம் பாடவேளையில், மேல்மாடி ஆய்வுகூடத்தில் தீப்பிடித்ததாகக் கொண்டு வெளியேற்ற ஒத்திகை நடைபெறும். மின்சாரம் இல்லாவிட்டாலும் ஒலிக்கக்கூடிய கைமணி நிறுத்தாமல் அடிக்கப்படும். அனைவரும் மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் ஒன்றுகூட வேண்டும்.

தரம் 8 மாணவரின் தாய்: சேர், மணி அடித்ததும் நாங்கள் வந்து பிள்ளையைக் கூட்டிச் செல்ல வேண்டுமா?

பிரதி அதிபர்: வேண்டாம் அம்மா. வாசலில் மோட்டார் சைக்கிள்கள் நிறைந்தால், உண்மையான ஆபத்தின்போது 1990 அம்புலன்ஸ் உள்ளே வர முடியாது. எண்ணிக்கை சரிபார்த்த பின்னரே பிள்ளைகள் ஒப்படைக்கப்படுவார்கள்.

பழைய மாணவர் சங்கம்: சென்ற முறை நான்கு நிமிடத்தில் கட்டடம் காலியானது. இம்முறை மூன்று நிமிடத்தில் முடித்தால் வெற்றிதானே?

விஞ்ஞான ஆசிரியை: வேகமும் வேண்டும், தம்பி. ஆனால் கட்டடம் காலியாகிவிட்டது என்பதை நாம் எப்படி அறிந்தோம்? அன்று தரம் 7இல் ஒரு மாணவர் குறைந்தார். அவர் மலசலகூடத்தில் இருந்தாரா, பாடசாலைக்கே வரவில்லையா என்று எவராலும் சொல்ல முடியவில்லை, ஏனெனில் இடாப்பு அலுவலகத்தில் கிடந்தது. உண்மையான தீயாக இருந்தால், அந்தச் சந்தேகத்துக்காகவே ஒருவர் புகைக்குள் திரும்பி ஓடியிருப்பார்.

மூன்றாம் பாடவேளையில் வகுப்பில் நிற்பவர் பெரும்பாலும் வகுப்பாசிரியர் அல்லர், பாட ஆசிரியர். ஆகவே, அன்றைய வரவு எண்ணிக்கையை ஓர் அட்டையில் எழுதிக் கதவருகே தொங்கவிட்டு, அந்நேரம் வகுப்பில் இருக்கும் ஆசிரியரே அதை எடுத்துவர வேண்டும். மலசலகூடத்தையும் நூலகத்தையும் பார்த்துவர இரு ஆசிரியர்களை நியமிப்போம். அவர்கள் கதவுகளைச் சாத்திவிட்டு வரலாம், பூட்டக்கூடாது.

தரம் 9 மாணவியின் தந்தை: ரீச்சர், என் மகள் ஊன்றுகோலுடன் மேல்மாடிக்கு ஏறுகிறாள். நெரிசலில் அவளை யார் இறக்குவது?

விஞ்ஞான ஆசிரியை: அவ்வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதே சரியான தீர்வு, அண்ணா. அதிபரிடம் கேட்டிருக்கிறேன். அதுவரை அவளுக்கென இருவரைப் பெயர் குறித்து நியமிப்போம். ஒருவர் விடுப்பில் இருந்தாலும் மற்றவர் இருப்பார்.

அபிவிருத்திச் சங்கப் பொருளாளர்: மாரியில் கிழக்கு ஓரத்தில் வெள்ளம் நிற்கும். வேலிக்கு அப்பாலுள்ள பற்றைக்காணி மேடானது, அங்கே நிறுத்தலாமே?

பிரதி அதிபர்: அக்காணி கண்ணிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்டதற்கான ஆவணத்தைக் காணாமல் ஒரு பிள்ளையையும் வேலி தாண்ட விடமாட்டேன். கோயில் வளவு உயரமானதுதான், ஆனால் ஏ9 வீதியைக் கடக்க வேண்டும். போக்குவரத்தை நிறுத்தப் பொலிஸார் உடன்படுவார்களா என்று கேட்க வேண்டியுள்ளது.

விஞ்ஞான ஆசிரியை: மீளாய்வுப் படிவத்தை அன்றே நிரப்ப வேண்டும், மறுநாள் நினைவு மங்கிவிடும். மணி எந்த அறையில் கேட்கவில்லை, எந்தப் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டது, கடைசி வகுப்பின் எண்ணிக்கை எத்தனை மணிக்குக் கிடைத்தது, யார் குறைந்தார், அவர் எங்கே இருந்தார் என்பவை போதும். ஒவ்வொரு குறைக்கும் எதிரே அதைத் திருத்துபவரின் பெயரும் திகதியும் இருக்க வேண்டும். எவரேனும் இரண்டு மாணவர்களும் தனியே நிரப்பட்டும், பின்வரிசையில் நடந்ததை அவர்களே அறிவார்கள்.

பொருளாளர்: காணி ஆவணத்தைப் பற்றி நாளை கிராம அலுவலரிடம் விசாரிக்கிறேன், சேர்.