போனில் Charging slowly என்றே வருகிறது: சார்ஜிங் போர்டு மாற்றினால் போதுமா?

மூன்று வாரமாக என் ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜில் போட்டால் Charging slowly என்று மட்டுமே வருகிறது. இரவு 10 மணிக்கு 15% இருந்தது, காலை 6 மணிக்கும் 90% தாண்டவில்லை. முன்பு ஒன்றரை மணி நேரத்தில் நிறைந்துவிடும். அம்மாவின் மருத்துவமனை அழைப்பெல்லாம் இதில்தான் வருகிறது, அதனால் கவலையாக இருக்கிறது.

போன் வாங்கி இரண்டரை வருடம். 5000 எம்ஏஎச் பேட்டரி, டைப் சி, கூட வந்த 33 வாட் சார்ஜர். ஊர் மதுரை.

உள்ளே வரும் மின்சாரம் குறைவு என்பதைத்தான் அந்த எச்சரிக்கை சொல்கிறது, பேட்டரி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை என்று தெரியும். அதனால் முதலில் கேபிளை மாற்றினேன், அப்புறம் சார்ஜரை. இரண்டும் தங்கையின் போனில் வேகமாகவே ஏற்றுகின்றன. போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் துளையைச் சுத்தம் செய்தேன். பஞ்சு மாதிரி அழுக்கு உருண்டையாக வந்தது, கேபிள் பின் இப்போது முழுதாக உள்ளே போகிறது, ஆனால் எச்சரிக்கை போகவில்லை. சேஃப் மோடிலும் அதேதான். போன் சூடாவதில்லை. ஒரு செயலியில் பார்த்தால் 450 மில்லி ஆம்பியர்தான் வருகிறது, கணினியில் செருகியது போல.

ஒன்று மட்டும் கவனித்தேன். பின்னை மேல்பக்கமாக லேசாக அழுத்திப் பிடித்தால் சில நொடி Charging rapidly என்று மாறுகிறது, விட்டதும் பழையபடி.

இதைப் பார்த்தால் சார்ஜிங் போர்டை மட்டும் மாற்றினால் சரியாகிவிடுமா, இல்லை மெயின் போர்டிலும் கோளாறு இருக்குமா?