டெம்பரிங்: துவைச்சலா, தணிப்பா, பதமிறக்கலா?

சொல்தேடி:
வணக்கம். டெம்பரிங்குக்கு "துவைச்சல்"னே வெச்சுக்கலாமா? எங்க ஊர் ஆசாரி அரிவாளுக்கு துவைச்சல் போடுறேன்னுதான் சொல்வாரு, புதுசா எதுக்கு இன்னொரு சொல்?

உலைக்களம்:
தம்பி, துவைச்சல் நல்ல சொல், ஆனா அது காய்ச்சின இரும்ப தண்ணியிலயோ எண்ணெயிலயோ முக்குற வேலைக்கு, அதாவது குவென்ச்சிங்குக்கு. டெம்பரிங் அதுக்கு அடுத்த வேலை. முக்கின உடனே வர்ற மார்ட்டென்சைட்ங்கற உள்ளமைப்புல கார்பன் வெளிய வர நேரமில்லாம உள்ளயே சிக்கி நிக்குது, அதனாலதான் அவ்ளோ கடினம், தட்டுனா விரிசலும் விடும். திரும்ப சூடு காட்டுனா அந்த கார்பன் கொஞ்சம் கொஞ்சமா வெளியேறி பொடிப்பொடி கார்பைடா ஒதுங்கும், கடினம் இறங்கும். ஈஎன்24 ஸ்டீல 200 டிகிரில வெச்சா கடினம் ராக்வெல் சி அளவுகோல்ல 52 பக்கம் நிக்கும், 540ல வெச்சா 38 கிட்ட வந்துரும். அதான் நான் "பதமிறக்கல்"னு சொல்றேன்.

கண்ணாடிக்கடை:
அண்ணே எங்க கடை டெம்பர்டு கிளாஸுக்கும் இதே சொல்தானா? அதுல கடினத்த எல்லாம் இறக்குறதில்லயே.

உலைக்களம்:
இல்லங்க, கண்ணாடிய சூடாக்கி வேகமா காத்தடிச்சு குளுத்துறாங்க, பேரு மட்டும்தான் ஒண்ணு. அதுக்கு தனிச்சொல் வேணும்.

லேத்துக்காரன்:
ஒரு அனுபவம் சொல்றேன். ஈஎன்24ல ஒரு பின், டிராயிங்ல 48 கேட்டாங்க, சார்ட்ட பாத்து 320ல டெம்பர் பண்ணோம், ஹார்ட்னஸ் சரியா வந்துச்சு, ஆனா ரெண்டே நாள்ல படக்குனு உடைஞ்சு வந்துருச்சு. அப்போ நாங்க கம்மியா சூடு காட்டிட்டோம்னு அர்த்தமா?

உலைக்களம்:
சூடு கம்மினு இல்லப்பா, தப்பான இடத்துல நின்னுட்டீங்க. 260லருந்து 370 வரைக்கும் கார்பைடு தகடு மாதிரி உள்ளமைப்போட எல்லைகள்ல படிஞ்சுரும், கடினம் இறங்கியும் தாங்குற சக்தி கூடாம இன்னும் விழுந்துரும். ஹார்ட்னஸ் பாத்தா இது தெரியவே தெரியாது, சார்ப்பினு ஊசல் சுத்தியால அடிச்சு உடைக்கிற சோதனை பண்ணி பாத்தாதான் தெரியும். 48க்கு பிடிவாதம் பிடிக்காம, தேய்மானம் முக்கியம்னா 200, அடி தாங்கணும்னா 400க்கு மேல போயிருங்க, கடினம் 45 பக்கம் வரும்னு டிசைன்காரங்ககிட்ட முன்னாடியே பேசிருங்க.

சொல்தேடி:
அப்ப அதுக்கு "பதமிறக்க நொறுமை"னு போட்டுக்கறேன்.

உலைக்களம்:
அவசரப்படாதீங்க, நொறுமை ரெண்டு வகை. இன்னொண்ணு 375லருந்து 575 வரைக்கும், பாஸ்பரஸ், வெள்ளீயம், ஆன்டிமனி மாதிரி அசுத்தம் காய்ச்சினப்ப இருந்த பழைய ஆஸ்டெனைட் மணிகளோட எல்லைகள்ல போய் ஒட்டிக்கறதால வர்றது, தடிமனான துண்ட உலையிலயே மெதுவா ஆறவிட்டா இந்த வினை வரும். 600க்கு மேல திரும்ப சூடாக்கி வேகமா ஆத்துனா இது போயிரும், லேத்துக்காரர் சொன்னது அப்படி மீளாது, முழுசா காய்ச்சி மறுபடி துவைச்சாதான் உண்டு. அதனால "மீளும் நொறுமை", "மீளா நொறுமை"னு பிரிக்கணும்.

அகராதிக்காரர்:
பிரிச்சது எனக்கு பிடிச்சிருக்கு. ஆனா "பதமிறக்கல்" இடிக்குதுங்க, ஹைஸ்பீட் ஸ்டீல 550ல டெம்பர் பண்ணா கடினம் ஏறுதே? "தணிப்பு"னு வெச்சா அத ஏற்கனவே சிலர் குவென்ச்சிங்குக்கு எழுதிட்டாங்க. "மறுபதம்"?

லேத்துக்காரன்:
எங்க பட்டறைல "டெம்பர் போடு"ன்னாதான் புரியும்ணே. அந்த மீளா நொறுமை மட்டும் எடுத்துக்கறேன், சார்ட்டுல 260க்கும் 370க்கும் நடுவுல சிவப்புக்கோடு போட்டு எழுதி ஒட்டிடுறேன்.