கோலப்போட்டி முதல் பரிசு: கூட்டுத்தொகையா, தரவரிசையா?

வணக்கம். மதுரையில் எங்கள் தெருச் சங்கம் பொங்கலுக்கு நடத்திய கோலப்போட்டியில் முதல் பரிசை அறிவிக்க முடியாமல் நிற்கிறோம். மொத்தம் 24 கோலங்கள், 3 நடுவர்கள், ஆளுக்கு 30 மதிப்பெண். பெயர் இல்லாமல் எண் மட்டும் வைத்துத்தான் மதிப்பிட்டார்கள்.

12ஆம் எண் கோலத்துக்கு 27, 27, 18. மொத்தம் 72. 31 புள்ளி சிக்குக்கோலமான 7ஆம் எண்ணுக்கு 26, 26, 27. மொத்தம் 79. கூட்டினால் 7 ஜெயிக்கிறது. ஆனால் முதல் இரண்டு நடுவர்களும் 12க்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள். மூன்றாமவர் கை இறுக்கம். அவர் தாளில் 18தான் இரண்டாவது பெரிய மதிப்பெண். இடங்களை மட்டும் பார்த்தால் 12 ஜெயிக்கிறது.

நோட்டீஸில் 'நடுவர் தீர்ப்பே இறுதி' என்று மட்டும் போட்டிருந்தோம். கணக்கிடும் முறையை எழுதாதது எங்கள் தவறு.

கூட்டலை இரண்டு முறை சரிபார்த்தாயிற்று. மறுபடி மதிப்பெண் போட நடுவர்கள் சம்மதிக்கவில்லை, அது நியாயம்தான். சீட்டுக் குலுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. உழைத்துப் போட்ட கோலத்தை அதிர்ஷ்டத்தில் விடக்கூடாது.

நடுவர் தாளில் 'மொத்தம்' என்ற கட்டம் முன்பே அச்சாகியிருந்தது. அதையே அறிவித்த விதியாக எடுத்து 7க்குப் பரிசு கொடுத்து, மூன்று தாள்களையும் பலகையில் ஒட்டினால் முறையாகுமா, அல்லது இருவருக்கும் பகிர்வதுதான் சரியா?