பதில்: பதில்: "ஸ்பிரெட்" — தமிழில என்ன போடுறது? வெள்ளிக்கு முன்னம் வேணும்

வசந்தி (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் வணக்கம். ஒன்லைன்ல வேலை செய்து டொலர் விலையோட ஒட்டி நிக்கிற டெதர் எண்ட கிரிப்டோவில சம்பளம் எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கைநூல் தமிழாக்கம் செய்யிறன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேணும். கிரிப்டோவை ரூபாயாக்கிற அத்தியாயத்தில, வாங்கிற விலைக்கும் விக்கிற விலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லுற "ஸ்பிரெட்" எண்ட சொல் பக்கத்துக்கு நாலுதரம் வருது. முதல் வரைவில "பரவல்" எண்டு போட்டன். வாசிச்சுப் பாத்த பெடியன் ஒருத்தன் "என்ன அக்கா, நோயா?" எண்டு கேட்டான். அதோட அழிச்சிட்டன். இப்ப "இடைவெளி" எண்டு நிக்குது, ஆனா எதுக்கும் எதுக்கும் இடையில எண்டு ஒவ்வொருக்காவும் விளக்கவேண்டிக் கிடக்கு. ஒரு நல்ல சொல் தாங்கோ.

குகதாசன் மாஸ்டர் (கொட்டாஞ்சேனை)

தங்கச்சி, புதுச்சொல் தேடி அலையாதேங்கோ, ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தியே சொல் இருக்கு. வாசி. திருவீழிமிழலையில பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாளுக்கு ஒரு காசு படிக்காசா கிடைச்சது எல்லாருக்கும் தெரியும்தானே. அப்பர் மடத்தில நேரத்துக்குச் சாப்பாடு, சம்பந்தர் மடத்தில பிந்திச் சாப்பாடு. ஏன் எண்டு கேட்டா, சம்பந்தரின்ர காசுக்கு கடைக்காரர் வாசி பிடிக்கினம், அப்பர் காசுக்கு இல்லை எண்டு சமையல்காரர் சொல்லினம். அதிலதான் "வாசி தீரவே காசு நல்குவீர்" வருது. காசு மாத்தேக்க கழிக்கிற வித்தியாசம்தான் வாசி. உங்கட ஸ்பிரெட் வேறென்ன?

ரிஸ்வான் (செட்டியார் தெரு)

மாஸ்டர், பதிகம் எல்லாம் சரி, ஆனா எங்கட பக்கம் வந்து "வாசி எவ்வளவு" எண்டு கேட்டா பேப்பர் வாசிக்கச் சொல்றீங்களா எண்டு கேப்பாங்க. காசு மாத்துற கடை போர்ட்ல ரெண்டு கொலம் ஈக்கும், கொள்வனவு, விற்பனை. நடுவுல உள்ளது கடைக்காரர்ட லாபம், அவ்வளவுதான். கிரிப்டோலயும் அதே கதைதான், ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும் அவனவன் கமிஷனை ஏத்தி வைக்கிறான், அதாலதான் ஒரு எப்புல ஒரு விலை இன்னொரு எப்புல வேற விலை. "தரகு"ன்னு போட்டு முடிங்க.

சுதர்சன் (தெஹிவளை)

ரிஸ்வான் சொன்னதில முதல் பாதி சரி, ரெண்டாம் பாதியிலதான் ரெண்டு வேற விசயம் ஒண்டாக் குழம்புது. வசந்தி அக்காவுக்கு ஒரு சொல் இல்லை, ரெண்டு சொல் வேணும் எண்டு நான் நினைக்கிறன். ஒரு கணக்கோட சொல்லுறன், விலையள் உதாரணத்துக்குத்தான்.

உங்களிட்ட 400 டெதர் இருக்கு. எப்பில ஆளுக்கு ஆள் நேர வாங்கி விக்கிற பி2பி பக்கத்தைத் திறந்தா, உங்களிட்ட வாங்க நிக்கிறவன் 302.50 தாறன் எண்டுறான். உங்களுக்கு விக்க நிக்கிறவன் 308 கேக்கிறான். வித்தா 121,000 ரூபா வரும். உடனயே அதே 400ஐ திருப்பி வாங்கப்போனா 123,200 வேணும். ஒண்டுமே நடக்கேல்லை, சந்தை அசையேல்லை, ஆனா 2,200 போயிட்டுது. அதில பாதி, 1,100, ஒருபக்கம் போனதுக்கான செலவு. இதுதான் ஸ்பிரெட், ஒரே தளத்துக்குள்ள, ஒரே நேரத்தில.

இப்ப கூகிள்ல டொலர் விலை பாத்தா 300 எண்டு காட்டுது எண்டு வையுங்கோ. 400 டொலருக்கு 120,000. "நான் 1,000 ரூபா கூட எடுத்திட்டன்" எண்டு சந்தோசப்படுவீங்கள். ஸ்பிரெட்டில 1,100 இழந்ததும் உண்மை, வங்கி விலைக்கு மேல 1,000 எடுத்ததும் உண்மை. ரெண்டும் எதிர்ப்பக்கம் போகுது. இதுக்கு ஒரே சொல்லைப் போட்டா வாசிக்கிற பிள்ளை கட்டாயம் பிழையா விளங்கும்.

விலை தளத்துக்குத் தளம் மாறுறதுக்குக் காரணம் கமிஷன் இல்லை. பிட்கொயினுக்கோ டெதருக்கோ உலகத்துக்கு ஒரு விலை எண்டு எங்கயும் எழுதி வைக்கேல்லை, ஒவ்வொரு தளத்திலயும் அங்க நிக்கிற வாங்கிறவனும் விக்கிறவனும்தான் விலை. மலிவான இடத்தில வாங்கி விலையான இடத்தில விக்கிற ஆக்கள்தான் அந்த விலையளை ஒண்டாக்கிறது. அவங்களுக்குக் காசு ரெண்டு பக்கமும் ஓடவேணும். ரூபா ஓடாது. 2021ல வந்த அந்நியச் செலாவணிப் பணிப்புரைப்படி கார்ட்டால கிரிப்டோவுக்குக் காசு கட்டேலாது, அதால இஞ்ச எல்லாம் ஆளுக்கு ஆள் வங்கிக் கணக்கால மாத்துறது. அதாலதான் ரூபா விலை வங்கி விலையை விட்டு விலகினா விலகினபடி நிக்குது. 2022 மார்ச்சுக்கு முன்னம் வங்கி டொலரை 203 எண்டு பிடிச்சு வச்சிருக்க, வங்கிக்கு வெளிய காசு மாத்திற உண்டியல்காரரின்ர விலை 240ஐத் தாண்டிப் போனதே, அதே சங்கதிதான்.

குகதாசன் மாஸ்டர்

> ரெண்டு சொல் வேணும் எண்டு நான் நினைக்கிறன்

தம்பி, நீங்கள் சொல்லச் சொல்ல வாசி இன்னும் பொருந்துது. சம்பந்தர் காசுக்கும் அப்பர் காசுக்கும் பேர் ஒண்டு, மதிப்புத்தான் வேற. அப்ப வாசி எண்டது உங்கட ரெண்டாவது விசயம், கொள்வனவு–விற்பனை இடைவெளி இல்லை. என்ர முதல் மடலை அந்த அளவுக்குத் திருத்தி வாசியுங்கோ. "வாசி" எண்டா வேறுபாடு எண்டும் பொருள் இருக்கு. "இப்ப வாசியோ?" எண்டு நோயாளியைக் கேக்கிறமே, முந்தினதிலும் வித்தியாசம் தெரியுதோ எண்டுதானே கேள்வி. முன்னேற்றம் எண்ட பொருளும் அதில இருந்துதான் வந்திருக்கவேணும், சித்தர்மார் மூச்சை வாசி எண்டதுக்கு வேற வேர், அது தனி மடல்...

டிலானி (பம்பலப்பிட்டி)

மாஸ்டர், மன்னிக்கவும், இடையில வாறன். எனக்குச் சொல் வேண்டாம், காசுதான் வேணும். போன மாசம் இந்த பி2பியில வித்தன், எல்லாரிலும் கூட விலை போட்டிருந்த ஆளுக்குத்தான் குடுத்தன், மற்றவையை விட 4 ரூபா கூட. காசு வந்தது. மூண்டாம் நாள் வங்கி என்ர கணக்கை மறிச்சிட்டுது, அந்தக் காசு ஆரோ ஏமாந்தவரின்ர காசாம். இன்னும் திறக்கேல்லை. இதுவும் ஸ்பிரெட்டா?

சுதர்சன்

டிலானி, அது ஸ்பிரெட் இல்லை, ஆனா விலை வித்தியாசத்துக்கு ஒரு காரணம் அதுதான். களவுக்காசு கையில இருக்கிறவனுக்கு 4 ரூபா கூடக் குடுத்தாலும் நட்டம் இல்லை. பட்டியல்ல ஒருத்தன் மட்டும் தனியா உயர்ந்து நிண்டா அதில ஏதோ ஒண்டு இருக்கு: சிலநேரம் வரம்பு, 200,000க்குக் குறைய எடுக்கமாட்டன் எண்டு சின்னதா எழுதியிருப்பான், உங்கட 121,000க்கு அந்த விலை இல்லவே இல்லை. சிலநேரம் இப்பிடி. அனுப்பினவரின்ர பேர் எப்பில இருக்கிற பேரோட ஒத்துவருதோ எண்டு வங்கி எப்பைத் திறந்து பாத்திட்டுத்தான் டெதரை விடவேணும், சிலிப் படத்தை நம்பப்படாது. வேற பேரில வந்தா விடாமல் எப்பிலயே முறைப்பாடு போடோணும். உங்களுக்கு வந்தது அதே பேரிலயா?

டிலானி

பாக்கேல்லை. பொலிசுக்கு எந்தப் பேப்பர் கொண்டுபோறது எண்டு ஆருக்கும் தெரியுமா?

ரிஸ்வான்

சரி சுதர்சன், பி2பி ஒத்துக்கிறேன். ஆனா எப்புல "கட்டணம் இல்லை"ன்னு ஒரு கன்வேர்ட் பட்டன் ஈக்கே. அதுல எல்லாம் அவன்ட லாபம்தானே? தரகுன்னு சொல்றதுல என்ன பிழை?

சுதர்சன்

அதில உங்கட பக்கம் நியாயம் இருக்கு. பிட்கொயின் 100,000 டொலர் எண்டு வைப்பம், 0.004 விக்கிறீங்கள், 400 டொலர். வாங்கிறவை விக்கிறவை கேக்கிற விலையளை வரிசையாப் போட்டிருக்கிற ஓர்டர் புக்கில போய் வித்தா வாங்கிறவன் விலையும் விக்கிறவன் விலையும் கிட்டத்தட்ட ஒட்டி நிக்கும், 0.1 வீதக் கட்டணம் எண்டா 40 சதம். கன்வேர்ட்டில கட்டணம் பூச்சியம், ஆனா விலையை 99,500 எண்டு காட்டினா 398 தான் கையில, 2 டொலர் போச்சு. கண்டுபிடிக்கிறது லேசு: அதே நிமிசம் விக்கிற பக்கத்தையும் வாங்கிற பக்கத்தையும் மாத்தி மாத்தி அழுத்திப் பாருங்கோ, உறுதிசெய்யாமல். ரெண்டு விலைக்கும் நடுவில இருக்கிறதில பாதிதான் நீங்கள் குடுக்கிற கட்டணம். ஆனா தரகு எண்டா தனியா எழுதிக் கேக்கிற காசு. இது விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கு, அதாலதான் தரகு எண்டு சொல்ல மனம் வருகுதில்லை.

மாஸ்டரின்ர வாசிக்கு ஒரு நல்ல உதாரணம் மவுண்ட் கொக்ஸ். டோக்கியோவில இருந்த எக்ஸ்சேஞ்ச். 2013ல அங்க டொலரை வெளிய எடுக்க இழுபறி, அப்ப ஆக்கள் பிட்கொயினா வாங்கி வெளிய எடுத்தாங்கள், அங்க பிட்கொயின் விலை மற்ற இடங்களை விட ஏறி நிண்டது. 2014 பெப்ரவரியில பிட்கொயின் எடுக்கிறதையே நிப்பாட்டினாங்கள். அதுக்குப் பிறகு வந்த நாளையில வெளிய 500 டொலருக்கு மேல போன பிட்கொயின் அங்க பாதிக்கும் குறைய விழுந்தது. ரெண்டும் ஒரே பிட்கொயின், எடுக்கேலாத இடத்தில இருந்ததுதான் வித்தியாசம். அந்த மாசமே வங்குரோத்து. ஒரு தளத்தில விலை தனியா விலகினா, அங்க எதை வெளிய எடுக்கேலாமல் கிடக்கு எண்டுதான் முதல்ல பாக்கோணும்.

குகதாசன் மாஸ்டர்

மிழலைக் காசேதான்! பிறகு "கூடின வாசி", "குறைஞ்ச வாசி" எண்டு ரெண்டு பக்கத்துக்கும் சொல்லலாம். வேற சொல் வேண்டாம்.

ரிஸ்வான்

மாஸ்டர், இருவது வயசுப் பெடியன் "கூடின வாசி"ய வாசிச்சா கூட வாசிக்கச் சொல்றாங்கன்னு நினைப்பான். ஸ்பிரெட்டை ஸ்பிரெட்டுன்னே விடுங்க, எப்புல அதைத்தானே காட்டுது. படிச்சிட்டு எப்பைத் திறந்தா எங்க பாக்கணும்னு தெரியணும்தானே.

வசந்தி

நாளைக்கு வியாழன், எனக்கு இனி ஏலாது. இதுவரைக்கும் தனி மடலில எழுதினவையையும் சேத்து, ஒரே தளத்துக்குள்ள இருக்கிறதுக்கு "கொள்–விற்பு இடைவெளி" எண்டதுக்குத்தான் கூட ஆக்கள். முதல் தரம் வரேக்க பக்கத்தில ஸ்பிரெட் எண்டும் போடுறன், ரிஸ்வான் நானாவுக்காக. தளத்துக்குத் தளம் வாறதுக்கு "விலை விலகல்". வாசியை அடிக்குறிப்பில போடுறன் மாஸ்டர், திருவீழிமிழலையோட. சுதர்சன், அந்த 400 டெதர் கணக்கை அப்பிடியே எடுத்துப் போடலாமா?

சுதர்சன்

போடுங்கோ அக்கா, ஆனா உதாரண விலை எண்டு எழுதிவிடுங்கோ, இல்லாட்டி 302.50 எங்க எண்டு எனக்கு போன் வரும்.

குகதாசன் மாஸ்டர்

அடிக்குறிப்பா? "விலகல்" எண்டது புள்ளிவிபரவியலில வேற பொருளில பள்ளிக்கூடப் புத்தகத்தில இருக்கு, நியம விலகல் எண்டு பிள்ளையள் படிக்கினம், நாளைக்குக் குழம்பும், என்ர எதிர்ப்பைப் பதிவு செய்யிறன். அதோட பழைய அகராதியில "வட்டம்" எண்டதுக்கும் காசு மாத்திற கழிவு எண்டு பொருள் இருக்கு, வட்டியும் அதுவும் ஒரு வேரா எண்டு இரவைக்கு எழுதுறன்.

டிலானி

பேப்பர் விசயம் ஆராவது சொல்லுங்கோ ப்ளீஸ்.