புதுப்பிப்பு: மீன் குழம்பில் மஞ்சள் கசப்பு

நான் முதலில் இங்கே கேட்டது: “அரைக் கிலோ மீனுக்கு ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள், புளி கொதிக்கும்போது போட்டேன். கசக்கிறது, பச்சை வாடையும் போகவில்லை. எப்போதுதான் போடுவது?”

சிங்கப்பூர் தேக்காவில் மசாலா அரைத்துத் தரும் அக்கா சொன்னதுதான் சரியாக வந்தது. மீன் மசாலாவிலேயே மஞ்சள் உண்டு. தனியாகக் கால் தேக்கரண்டி போதும். கூடிப்போன கசப்பு வதக்கினாலும் போகாது.

பச்சை வாடை வேறு சங்கதி. மஞ்சள் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். புளித்தண்ணீரில் தூவினால் மண்வாடை நிற்கும். வெங்காயம் வதங்கியதும் தீயைக் குறைத்துப் போட்டு, சில நொடி கிளறி, உடனே தக்காளி சேர்த்தேன். வாடை இல்லை. வெறும் எண்ணெய் புகையும்போது போட்டால் கருகி, அதுவும் கசக்கும்.

“கடைசியில் போட்டால் நிறம் நிற்கும்” என்றவருக்கு: நிறம் சரி, வாடை? சட்டியில் மஞ்சள் கறை போக வழி கேட்டவருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. தேங்காய்ப்பால் ஊற்றினால் கசப்பு அடங்குமா என்பதிலும் சண்டை ஓயவில்லை. எனக்குக் கொஞ்சம் அடங்கியது.