"2வது கொட்டேஷன்" என்றால் எது? இரண்டு டைரக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்லும்போது மினிட்ஸை முடிப்பது

கம்பெனி செக்ரட்டரி, கோவை:
சாயப்பட்டறைக் கம்பெனி ஒன்றின் போர்டு மீட்டிங். பாய்லர் மாற்றும் அஜெண்டாவுக்குக் குறிப்பேட்டில் இருந்தது ஒரே வரி: "பாய்லர் – ஓகே – 2வது கொட்டேஷன்". டிராஃப்ட் மினிட்ஸில் இது "இரண்டாவது சப்ளையருக்கு 42 லட்சத்துக்கு ஆர்டர் கொடுக்கலாம்" என்று ஆனது. ஒரு டைரக்டர் சரி என்றார். இன்னொருவர், "இரண்டாவது கொட்டேஷன் வாங்கிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்கலாம் என்றுதானே பேசினோம்" என்று மெயில் போட்டார். அந்த வரியை இரண்டு விதமாகவும் படிக்கலாம்.

இந்த நேரத்தில் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் போடக் கூடாது. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்ததும் இரண்டு பேரும் தங்கள் கட்சியைப் பிடித்துக்கொள்வார்கள். தனித்தனியாகப் போன் செய்து, டிராஃப்டைப் படித்துக் காட்டாமல், இரண்டே கேள்வி கேட்க வேண்டும். சேர்மன் கடைசியாக என்ன சொன்னார்? அப்போது உங்கள் கையில் என்னென்ன காகிதம் இருந்தது?

முடிச்சு அவிழ்ந்தது இரண்டாவது கேள்வியில். ஒருவர் இரண்டு கொட்டேஷன் என்றார், மற்றவர் ஒன்றுதான் என்றார். இரண்டுமே உண்மை. அஜெண்டாவோடு அனுப்பிய கோப்பில் 46 லட்சத்துக்கான ஒரு கொட்டேஷன்தான் இருந்தது. 42 லட்சத்துக்கானது அன்று காலை வந்து, தாளாக மேசையில் வைக்கப்பட்டது. இரண்டாமவர் வீடியோவில் கலந்துகொண்டவர். அந்தத் தாள் அவர் கண்ணில் படவே இல்லை.

ஆடிட் அலுவலகத்தில் இருப்பவர்:
15 நாளுக்குள் டிராஃப்ட் போயாச்சு. 7 நாளில் பதில் இல்லையென்றால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அவர் மெயில் 9ஆம் நாள் வந்திருந்தால் விட்டுவிடலாமே? மனசு கேட்கவில்லை என்றால் இருவர் சொன்னதையும் மினிட்ஸில் போட்டுவிடுங்கள்.

கம்பெனி செக்ரட்டரி, கோவை:
நாள் கணக்கு சரி. ஆனால் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்ற 30 நாள் இருக்கிறது. தவறு இருக்கலாம் என்று தெரிந்த பிறகும் 7 நாளைக் காட்டிப் புத்தகத்தில் ஏற்றினால், நாளைக்கு அதுவே சாட்சியமாக நிற்கும். இரண்டு வடிவத்தையும் போடுவதும் தப்பு. மினிட்ஸில் வர வேண்டியது போர்டு எடுத்த முடிவு. கூட்டத்திலேயே எதிர்ப்புச் சொல்லியிருந்தால் பெயரோடு பதியலாம். பிறகு மெயிலில் சொன்னதை அன்றைய எதிர்ப்பாக எழுத முடியாது.

ஓய்வு பெற்ற செக்ரட்டரி, சென்னை:
ஒருவர் வீடியோவில் இருந்தார் என்றால் ரெக்கார்டிங் இருக்க வேண்டுமே! அந்த ஆண்டின் ஆடிட் முடியும்வரை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கேட்டீர்களா?

கம்பெனி செக்ரட்டரி, கோவை:
கேட்டோம். வீடியோவில் இருந்தவர் "இன்னொரு கொட்டேஷன் பார்க்காம எப்படி?" என்கிறார். சேர்மன் "வந்திருக்கு" என்கிறார். காகிதம் புரட்டும் சத்தம். அப்புறம் "சரி, ரெண்டாவதுக்கே போயிடலாம்". தொகையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதனால் மினிட்ஸில், "கூட்டத்தில் மேசையில் வைக்கப்பட்ட" என்ற சொற்களோடு அந்தக் கொட்டேஷனின் தேதியும், தாளில் உள்ள தொகையும் சேர்க்கப்பட்டன. சேர்மன் அந்தத் தாளில் சுருக்கொப்பம் இட்டார். திருத்திய பத்தியை மட்டும், தாளின் ஸ்கேனோடு இருவருக்கும் அனுப்பினோம். வீடியோ டைரக்டர் ஒப்புக்கொண்டார்.

ஓய்வு பெற்ற செக்ரட்டரி, சென்னை:
அவர் ஒப்புக்கொண்டாலும் எனக்குத் திருப்தி இல்லை. கடைசி நேரத்தில் வரும் துணைக் குறிப்பை எடுத்துக்கொள்ள சேர்மன் அனுமதியும், வந்திருக்கும் டைரக்டர்களில் பெரும்பான்மையோரின் சம்மதமும் வேண்டும். ரெக்கார்டிங்கில் அப்படி யாரும் கேட்டதாக நீங்கள் சொல்லவில்லை. நடக்காததை மினிட்ஸில் எழுத முடியாது. அடுத்த மீட்டிங்கில் அந்த ஆர்டரை உறுதிசெய்து ஒரு ரிசல்யூஷன் போடுவதுதான் முறை.

ஆடிட் அலுவலகத்தில் இருப்பவர்:
பெரும்பான்மை அன்றைக்கே ஒத்துக்கொண்டுதானே ஆர்டர் போனது? மறுபடி ரிசல்யூஷன் போட்டால், முதல் முடிவே செல்லாது என்று நாமே சொன்ன மாதிரி ஆகாதா?

அப்பார்ட்மென்ட் சங்கச் செயலாளர்:
எங்கள் சங்கத்தில் கையெழுத்தான மினிட்ஸிலேயே லிஃப்ட் ஒப்பந்தத் தொகை தவறாக இருக்கிறது. இதே முறையில் அந்தப் பக்கத்தை மாற்றிவிடலாமா?

ஓய்வு பெற்ற செக்ரட்டரி, சென்னை:
கூடாது. இங்கே பேசுவது கையெழுத்துக்கு முந்தைய டிராஃப்டைப் பற்றி. உங்களுடைய பக்கத்தைத் தொடாதீர்கள், வெள்ளை மை பூசாதீர்கள். அடுத்த கூட்டத்தில் இன்ன தேதி மினிட்ஸில் இன்ன தொகை என்பதை இன்னதாகத் திருத்துவதாகத் தீர்மானம் போட்டு, அதை அந்தக் கூட்டத்தின் மினிட்ஸில் பதியுங்கள். உங்கள் சங்கத்தின் துணை விதிகளையும் ஒருமுறை பாருங்கள்.

ஆடிட் அலுவலகத்தில் இருப்பவர்:
இன்னொன்று. கையெழுத்தானதும் அந்தக் குறிப்பேட்டுப் பக்கத்தைக் கிழித்துவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

கம்பெனி செக்ரட்டரி, கோவை:
பாய்லர் வந்து இறங்கி, பில் தொகை முழுதும் கொடுத்து முடியும்வரை நான் கிழிக்க மாட்டேன். "2வது" என்று எழுதிய அந்த வரிதான் குழப்பத்தின் வேர். நாளை யாராவது கேட்டால் காட்ட அது வேண்டும்.