உரை முன்மொழிவு நிராகரிப்பு: சுருக்கத்தில் எதைத் திருத்துவது, அனுபவத்தை எங்கே சொல்வது?

நீலவரி
மென்பொருள் மாநாடு ஒன்றுக்கு 25 நிமிட உரை அனுப்பினேன். "பொருள் ரொம்ப அகலம், யாருக்கான உரை என்று தெரியவில்லை" என்று திருப்பிவிட்டார்கள். வேறொரு மாநாட்டுக்குத் திருத்தி அனுப்பப் பார்க்கிறேன். அங்கே முதல் சுற்றில் பெயரை மறைத்துத்தான் படிப்பார்களாம். அனுப்பியது இது:

> போஸ்ட்கிரெஸ் வேகம்: ஒரு முழுமையான பார்வை
> இன்றைய உலகில் டேட்டாபேஸின் வேகம் மிக முக்கியம். என் பத்தாண்டு அனுபவத்தில் கற்ற இன்டெக்ஸ், கேச், பார்ட்டிஷன், குவெரி பிளான் உத்திகளைப் பகிர்கிறேன். வாருங்கள், சேர்ந்து கற்போம்!

கருவேலன்
அனுபவத்தை முதல் வரிக்குக் கொண்டுபோங்க. எந்தக் கம்பெனி, என்ன பதவி எல்லாம் போடுங்க. குழுவில் இருக்கிறவங்க வரிசையா படிச்சுத் தள்ளுவாங்க, ஆளைப் பார்த்துத்தான் நிமிர்ந்து உட்காருவாங்க.

வடதிசை
பெயர் தெரியும் சுற்றில் கருவேலன் சொல்வது ஓரளவு எடுபடும். பெயர் மறைத்த சுற்றில் கம்பெனி பெயரைப் போட்டால் விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பக்கூடும். படிவத்தில் பெரும்பாலும் மூன்று பெட்டிகள் இருக்கும். சுருக்கம் நிகழ்ச்சி நிரலில் வெளியாகும், அதைப் படிப்பவர் பார்வையாளர். குழுவுக்கான குறிப்பு வெளியே வராது. பேச்சாளர் அறிமுகத்தை முதல் சுற்றில் மறைத்துவிடுவார்கள். அதனால் தகுதியை ஆளாகச் சொல்லாமல் வேலையாகக் குறிப்பில் சொல்லுங்கள்: "எழுதுதல் நிற்காத பெரிய டேபிள்களில் இதைச் செய்திருக்கிறேன், இந்தப் பிழைகளைக் கண்டேன்." கிட்ஹப், காணொளி இணைப்பெல்லாம் அறிமுகப் பெட்டிக்கு.

அகலம்தான் பெரிய சிக்கல். கேள்விக்கு 3 நிமிடம் போனால் மிச்சம் 22. நான்கு பொருளுக்குப் பிரித்தால் தலைக்கு ஐந்தரை நிமிடம். கேசுக்கு ஒரு எடுத்துக்காட்டுகூட முடியாது. ஒன்றை மட்டும் எடுங்கள்.

நீலவரி
அதிகம் செய்தது, ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் `CREATE INDEX CONCURRENTLY`. ஆனால் அது மேனுவலிலேயே இருக்கிறதே?

ரயிலடி
உங்க மைக்ரேஷன் ஃபெயில் ஆகுதுன்னா டிரான்சாக்ஷனுக்குள்ள ஓடுதான்னு பாருங்க. ரெயில்ஸில் `disable_ddl_transaction!` போடணும், இல்லன்னா பிழைதான் வரும்.

வடதிசை
ரயிலடி, அவர் கேட்டது அதை அல்ல. ஆனாலும் நல்ல விஷயம்: இந்த உரையைக் கேட்க வருபவர் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான். ஜாங்கோவில் அதற்கு `atomic = False`. உரையில் இரண்டையும் காட்டலாம்.

நீலவரி, கட்டளை மேனுவலில் இருக்கிறது. அது பாதியில் விழுந்தபின் என்ன செய்வது என்பதுதான் உரை. இப்படி எழுதிப் பாருங்கள்:

> எழுதுவதை நிறுத்தாமல் இன்டெக்ஸ்: பாதியில் விழுந்தால்?
> சாதாரண `CREATE INDEX` முடியும்வரை டேபிளில் எழுத முடியாது. `CONCURRENTLY` அந்தத் தடையை நீக்கும். ஆனால் பாதியில் விழுந்தால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்றை விட்டுப்போகும். அது தேடலுக்கு உதவாது, எழுதும்போது மட்டும் சுமையாகும். அப்படி ஒன்றை மேடையில் உருவாக்கி, கண்டுபிடித்து, நீக்கி, மறுபடி கட்டுவோம். மைக்ரேஷனைத் தாமே ஓட்டும் பேக்கெண்ட் டெவலப்பர்களுக்கான உரை. இன்டெக்ஸின் உள்ளமைப்பு தெரிந்திருக்க வேண்டாம். முடிவில் உங்கள் டேட்டாபேஸில் செல்லாத இன்டெக்ஸ் இருக்கிறதா என்று நீங்களே பார்ப்பீர்கள்.

பயன் என்பது கடைசி வரி. "புரிந்துகொள்வீர்கள்" என்று எழுதினால் குழு நம்ப எதுவும் இல்லை. அடுத்த நாள் அலுவலகத்தில் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்லுங்கள். குறிப்பில் அந்த வேலையின் சான்றையே வைத்துவிடலாம்:

```sql
SELECT indexrelid::regclass
FROM pg_index
WHERE NOT indisvalid;
```

கூடவே நேரப் பங்கீடு: பூட்டு எப்படி விழுகிறது 4 நிமிடம், `CONCURRENTLY` ஏன் நீண்ட டிரான்சாக்ஷனுக்காகக் காத்துக்கிடக்கிறது 6, செயல்விளக்கம் 8, ரெயில்ஸ் ஜாங்கோ அமைப்பு 4, கேள்விகள் 3. மொத்தம் 25 வரவேண்டும். கூட்டிப் பார்க்காமல் அனுப்புகிறவர்கள் நிறைய பேர்.

கருவேலன்
சுருக்கத்திலேயே விடையைச் சொல்லிட்டா அரங்குக்கு யார் வருவாங்க? கொஞ்சம் மர்மம் வேணும்.

வடதிசை
சிக்கலைச் சொன்னோம், கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லவில்லையே. "அதிர்ச்சி காத்திருக்கிறது" என்று எழுதினால், உங்களிடம் விடை இருக்கிறதா என்றே குழுவுக்குச் சந்தேகம் வரும்.

கருவேலன்
குழுவுக்கு அது சரி. பார்வையாளர் விஷயத்தில் எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

நீலவரி
பெயர் மறைப்பு புரிந்தது, "என் பத்தாண்டு" போகிறது. செயல்விளக்கம் மேடையில் கவிழ்ந்தால்? அதைக் குறிப்பில் சொல்லலாமா?

வடதிசை
சொல்லுங்கள். "இணையம் தேவையில்லை, மடிக்கணினியிலேயே ஓடும், பதிவுசெய்த காணொளி மாற்றாக உண்டு" என்று ஒரு வரி போதும். ஒரு செஷனில் `BEGIN` போட்டு அதே டேபிளில் ஒரு வரிசையை மாற்றிவிட்டு, கமிட் செய்யாமல் விடுங்கள். இன்னொன்றில் `CONCURRENTLY` கட்டளை காத்துக்கிடக்கும்போது கேன்சல் செய்தால் செல்லாத இன்டெக்ஸ் கிடைத்துவிடும்.

ரயிலடி
இதே முன்மொழிவை ஒரே சமயத்தில் ரெண்டு மாநாட்டுக்கு அனுப்பலாமா?

வடதிசை
மாநாட்டுக்கு மாநாடு விதி மாறும். அழைப்பில் "வேறெங்கும் தராத உரை" என்று கேட்டிருக்கிறார்களா பாருங்கள். கேட்கவில்லை என்றால் அனுப்பலாம்; ஓரிடத்தில் தேர்வானதும் மற்றவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.